போன் நிறைந்துவிட்டால் வாட்ஸ்அப் மீடியாவை எங்கிருந்து அழிப்பது?

"இடம் இல்லை" என்று போன் சொன்னதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: கேலரியைத் திறந்து, கண்ணில் படுகிற படங்களை அள்ளி அழிப்பது. பத்து நாளில் அதே அறிவிப்பு மறுபடியும் வந்துவிடும். காரணம், வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தவற்றை அழிக்க ஆண்ட்ராய்டு போனில் ஐந்து இடங்கள் இருக்கின்றன. கேலரி, ஆப்புக்குள்ளேயே இருக்கும் "Manage storage", ஒரு சாட்டின் "Clear chat", ஃபைல் மேனேஜர், போனின் செட்டிங்ஸில் இருக்கும் ஆப் பக்கம். ஐந்தும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் அழிப்பது வேறு. சிலவற்றில் அழித்தும் இடம் கிடைக்காது. ஒன்றில் கை தவறினால் உரையாடல் முழுவதும் போய்விடும்.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: நான் அழிக்கப்போகும் இந்த வீடியோ வேறு எங்காவது இருக்கிறதா? டெலிகிராமில் இதற்குப் பெரும்பாலும் "ஆம்" என்பது பதில். வாட்ஸ்அப்பில் பெரும்பாலும் "இல்லை". இரண்டையும் ஒரே மாதிரி நினைத்துச் சுத்தம் செய்வதுதான் பலர் குழந்தையின் வீடியோக்களை இழப்பதற்குக் காரணம்.

முதலில் குழாயை மூடுவது

வாட்ஸ்அப்பில் Settings > Storage and data என்று போனால் "Media auto-download" என்ற பகுதி இருக்கும். அதில் மூன்று வரிகள்: மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது. ஆப்பைப் போட்டபடியே விட்டிருந்தால் மொபைல் டேட்டாவில் படங்கள் மட்டும் இறங்கும். வைஃபையில் படம், ஆடியோ, வீடியோ, டாக்குமெண்ட் எல்லாம் இறங்கும். ரோமிங்கில் எதுவும் இறங்காது. ஆக, வீட்டு வைஃபையில் போன் சும்மா கிடக்கிற நேரத்தில்தான் நிரம்புகிறது. நீங்கள் திறந்துகூடப் பார்க்காத குரூப்பின் வீடியோவும் அப்போது முழுதாக இறங்கிவிடும்.

எது எவ்வளவு அடைக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுறுசுறுப்பான ஒரு குரூப்பில் ஒரு நாளைக்கு 20 படங்களும் 6 வீடியோக்களும் வருவதாக வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்புகிறது; ஒரு படத்துக்கு 200 கேபி என்றால் 20 படங்களுக்கு 4 எம்பி. வீடியோ ஒன்றுக்கு 10 எம்பி என்றால் 60 எம்பி. ஒரு மாதத்தில் படங்கள் 120 எம்பி, வீடியோக்கள் 1,800 எம்பி. ஒரு வருடம் ஓடினால் வீடியோ மட்டும் 21 ஜிபியைத் தாண்டும்; படங்கள் ஒன்றரை ஜிபியைக்கூடத் தொடாது. இதில் தெரிவது, மணிக்கணக்கில் உட்கார்ந்து காலை வணக்கப் படங்களை அழிப்பது வீண் உழைப்பு என்பது. வீடியோவைத் தொட்டால்தான் இடம் கிடைக்கும்.

அதனால் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா, வீடியோவை மட்டும் நிறுத்தலாமா? எல்லாவற்றையும் நிறுத்துவது பார்க்கச் சுத்தமான தீர்வு. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வாட்ஸ்அப் தன் சர்வரில் மீடியாவை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. இறக்காமல் விட்ட படத்தைச் சில மாதம் கழித்துத் தொட்டால், அது கிடைக்காமல் போகலாம். அனுப்பியவரிடமே மறுபடி கேட்க வேண்டிவரும். யாரோ அனுப்பிய ரசீதின் படமோ, மருத்துவ அறிக்கையோ அப்படிப் போனால் அது பெரிய நஷ்டம். படங்கள் எடுத்துக்கொள்ளும் இடம் சிறிது என்று மேலே பார்த்தோம். எனவே வைஃபை வரியில் படங்களை விட்டுவைத்து வீடியோ டிக்கை மட்டும் எடுப்பதே நான் சொல்லும் வழி. வேலை தொடர்பான பிடிஎஃப்கள் வருகிறவர்கள் டாக்குமெண்ட்டையும் விட்டுவைக்கலாம். மொபைல் டேட்டா வரியில் எல்லா டிக்கையும் எடுத்துவிடலாம். தேவையான படத்தைத் தொட்டு இறக்கிக்கொள்ளலாம். குரல் செய்திகள் மட்டும் எந்த அமைப்பையும் மதிக்காது, எப்போதும் தானாகவே இறங்கும். அவை சிறியவை, கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சொல்லியாக வேண்டும். Settings > Chats பகுதியில் "Media visibility" என்று ஒன்று உண்டு. அதை அணைத்தால் புதிதாக வரும் படங்கள் கேலரியில் தெரியாது. இடம் மிச்சமாகிவிட்டது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஃபைல் இறங்கத்தான் இறங்குகிறது. கேலரிக்கு மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். கேலரியை ஒழுங்காக வைத்துக்கொள்ள அது நல்ல வசதி. ஆனால் இடத்துக்காக அதை அணைத்தவருக்கு, கேலரி காலியாகவும் போன் நிறைந்தும் இருக்கும் நிலைதான் மிஞ்சும்.

டெலிகிராமில் அழிப்பதும் வாட்ஸ்அப்பில் அழிப்பதும்

டெலிகிராமின் சாதாரண சாட்டுகள், குரூப்கள், சேனல்கள் எல்லாம் அதன் கிளவுடில் இருக்கின்றன. போனில் இருப்பது பார்ப்பதற்காக இறக்கிவைத்த நகல் மட்டுமே. Settings > Data and Storage > Storage Usage பக்கத்தில் போய் கேஷ் முழுவதையும் அழித்தாலும், பிறகு அந்த வீடியோவைத் தொட்டால் மறுபடி இறங்கும். அதே பக்கத்தில் தனிச் சாட்டுகள், குரூப்கள், சேனல்கள் ஒவ்வொன்றுக்கும் இத்தனை நாள் தொடாத மீடியாவைத் தானாக நீக்கிவிடு என்று சொல்லலாம். கேஷ் மொத்தம் இத்தனை ஜிபியைத் தாண்டக் கூடாது என்று வரம்பும் வைக்கலாம். சேனல்களுக்கு ஒரு வாரமும், மொத்த வரம்பு 5 ஜிபியும் வைத்துவிட்டால், அந்த ஆப்பைப் பற்றி நீங்கள் மறுபடி யோசிக்க வேண்டியிருக்காது.

இதற்கும் இரண்டு விலக்குகள் உண்டு. சீக்ரெட் சாட் கிளவுடில் இல்லை. அது அந்தப் போனில் மட்டுமே இருக்கிறது. அதோடு, சேனலை நடத்துகிறவர் பதிவை நீக்கிவிட்டால் கிளவுடிலிருந்தும் அது போய்விடும். அப்படிப் போகக்கூடாத பாடக் குறிப்பு, வீடியோ எதுவானாலும் அதை உங்கள் "Saved Messages" பகுதிக்கு அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது.

வாட்ஸ்அப் நேர்மாறு. செய்தி உங்கள் போனுக்கு வந்து சேர்ந்த பிறகு, உங்களுக்கான மூலப் பிரதி உங்கள் போன்தான். அதை அழித்தால், அனுப்பியவர் போனிலோ உங்கள் பேக்கப்பிலோ இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. பேக்கப் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவுக்குப் போகும் பேக்கப்பில் வீடியோக்கள் சேராது. "Include videos" என்பதை நீங்களே இயக்கியிருந்தால்தான் சேரும். அடுத்தது இன்னும் முக்கியம்: அந்த பேக்கப் ஒரு பெட்டகம் அல்ல, போனில் இன்று இருப்பதன் பிரதி. நீங்கள் அழித்த பிறகு அடுத்த பேக்கப் ஓடினால், அழித்தவை அதிலிருந்தும் விலகிவிடும். அதிலிருந்து ஒரே ஒரு வீடியோவை மட்டும் எடுக்கவும் முடியாது. ஆப்பையே நீக்கிப் போட்டு முழுதாக மீட்டெடுக்க வேண்டும். ஆண்ட்ராய்டு பேக்கப்புகள் 2024-லிருந்து கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்திலேயே கணக்கிடப்படுகின்றன என்பதால், வீடியோவைச் சேர்த்தால் மின்னஞ்சலுக்கும் இடம் தட்டுப்படலாம்.

ஐந்து இடங்களில் எது எதற்கு

கேலரியில் அழிப்பது எளிது, ஆனால் மூன்று வழிகளில் ஏமாற்றும். அழித்த படம் உடனே போகாமல் குப்பைத்தொட்டிக்குப் போகிறது. பல கேலரிகளில் 30 நாள் வரை அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும். நீங்கள் அனுப்பிய வீடியோக்களின் நகல்கள் கேலரியில் தெரிவதே இல்லை. அவை "Sent" என்ற ஃபோல்டரில் மறைவாக இருக்கின்றன. மூன்றாவதுதான் ஆபத்தானது. கேலரியாகப் பயன்படுத்துவது கூகுள் போட்டோஸ் என்றால், பேக்கப் ஆன படத்தை அதில் சாதாரணமாக அழிக்கும்போது கிளவுடில் இருக்கும் பிரதியும் சேர்ந்தே போகும். போனில் மட்டும் அழிக்க அதற்குத் தனியாக "Free up space" இருக்கிறது. வாட்ஸ்அப் படங்கள் கூகுள் போட்டோஸில் தாமாகவே பேக்கப் ஆவதில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அந்த ஃபோல்டரை நீங்கள் தேர்ந்தெடுத்து இயக்கியிருக்க வேண்டும்.

"Clear chat" மொத்தமாக ஒரு குரூப்பைக் காலி செய்ய உதவும். கட்டளை கொடுக்கும்போது, மீடியாவைக் கேலரியிலிருந்தும் அழிக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதை டிக் செய்யாமல் விட்டால் செய்திகள் போய்விடும், ஃபைல்கள் போனிலேயே தங்கிவிடும். இப்போது அவை எந்தச் சாட்டோடும் சேராத அனாதை ஃபைல்கள். ஆப்புக்குள் இருந்து அவற்றைத் தேடிப் பிடிக்க முடியாது. குரூப்பை அழித்தேன், ஒரு எம்பிகூடக் குறையவில்லை என்று சொல்கிறவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஸ்டார் போட்ட செய்திகளையும் சேர்த்து அழிக்கவா என்று கேட்கும் பெட்டி வந்தால் அதை டிக் செய்யாமல் விடுங்கள்.

போனின் Settings > Apps > WhatsApp பக்கத்தில் "Storage" பகுதியைத் தொட்டால் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருக்கும். "Clear cache" தீங்கில்லாதது. ஆனால் வாட்ஸ்அப்பில் அதனால் கிடைக்கும் இடம் மிகச் சிறியது, ஏனென்றால் வீடியோக்கள் கேஷில் இல்லை. பக்கத்தில் இருக்கும் "Clear storage" அல்லது "Clear data" செய்திகளின் டேட்டாபேஸையே நீக்கிவிட்டு, ஆப்பைப் புதிதாகப் போட்ட நிலைக்குக் கொண்டுபோகும். இடம் வேண்டும் என்பதற்காக அதை அழுத்தவே கூடாது.

மிஞ்சுவது "Manage storage"-உம் ஃபைல் மேனேஜரும். பெரும்பாலோருக்கு முதலாவதுதான் சரி. Settings > Storage and data > Manage storage என்று திறந்தால், 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒரு தொகுப்பாகவும், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை ஒரு தொகுப்பாகவும், அதன் கீழே எந்தச் சாட் எவ்வளவு இடத்தை எடுத்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்கும். இடத்தை விழுங்குபவை மேலேயே நிற்பதால், மேலிருந்து நான்கைந்து சாட்டுகளைத் தொட்டாலே போதும். இங்கே அழித்தால் சாட்டிலிருந்து அந்தச் செய்தியும் போய்விடும். ஃபைல் மேனேஜரில் அழித்தால் ஃபைல் மட்டும் போய், சாட்டில் மங்கலான சிறுபடம் நிற்கும். தொட்டால் ஃபைல் இல்லை என்று சொல்லும். யார் எப்போது எதை அனுப்பினார்கள் என்ற தடம் வேண்டுமென்றால் இரண்டாவது வழி நல்லது. இன்னொன்று: ஒரே வீடியோ நான்கு குரூப்பில் வந்திருந்தால், ஒரு பிரதியை மட்டும் அழித்து இடம் கிடைக்காமல் போகலாம். எல்லாப் பிரதிகளும் போன பிறகுதான் இடம் திரும்பும்.

ஃபைல் மேனேஜர் தேவைப்படுவது மேலே சொன்ன அனாதை ஃபைல்களுக்கும், அனுப்பியவற்றின் நகல்களுக்கும்தான். அண்மைக்கால ஆண்ட்ராய்டுகளில் அவை இருக்குமிடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media
```

இதற்குள் "WhatsApp Images", "WhatsApp Video", "WhatsApp Documents" என்று தனித்தனி ஃபோல்டர்கள், அவற்றுக்குள் "Sent". உங்கள் கேமராவில் எடுத்த வீடியோவை அனுப்பும்போது, வாட்ஸ்அப் அதைச் சுருக்கிய ஒரு நகலை உருவாக்கி இங்கே வைக்கிறது. மூல வீடியோ கேமரா ஃபோல்டரில் பத்திரமாக இருந்தால் இந்த நகல் உங்களுக்குத் தேவையில்லை. அழித்தாலும் பெற்றவர் போனில் எந்த மாற்றமும் வராது. மூலத்தை ஏற்கெனவே அழித்துவிட்டிருந்தால் மட்டும் கவனம்: இந்தச் சுருக்கிய நகலே உங்களிடம் மிச்சம் இருக்கும் ஒரே பிரதியாக இருக்கலாம். Media-வுக்குப் பக்கத்திலேயே "Databases" என்றொரு ஃபோல்டர் தெரியும். அதில் உங்கள் செய்திகளின் உள்ளூர் பேக்கப்புகள் இருக்கின்றன. அதைத் தொட வேண்டாம்.

ஒரு போனை எடுத்துக்கொண்டு பார்த்தால்

64 ஜிபி போன், காலி இடம் 0.6 ஜிபி என்று வைத்துக்கொள்வோம். வாட்ஸ்அப் 19 ஜிபி, டெலிகிராம் 3 ஜிபி காட்டுகிறது. குடும்பக் குரூப்பில் வைத்துக்கொள்ள வேண்டிய வீடியோக்கள் இருக்கின்றன.

முதலில் டெலிகிராமின் கேஷ். சீக்ரெட் சாட்டில் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அழித்தால், இழப்பே இல்லாமல் 3 ஜிபி கிடைக்கும். இதை முதலில் செய்வதற்குக் காரணம் உண்டு: வாட்ஸ்அப் பேக்கப் எடுக்கும்போது முதலில் போனிலேயே ஒரு பிரதி எழுதுகிறது. இடமே இல்லாத போனில் அது தோற்றுப்போகும். கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்த பிறகு, வீடியோவின் தானியங்கி டவுன்லோடை அணைத்துவிட்டு, ஒரு பேக்கப் எடுத்துவிடலாம்.

அடுத்து கேபிள். போனைக் கணினியில் சொருகி, போனில் வரும் அறிவிப்பில் ஃபைல் டிரான்ஸ்ஃபரைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன பாதையிலிருந்து படங்கள், வீடியோ ஃபோல்டர்கள் இரண்டையும் நகலெடுக்க வேண்டும். கட் செய்து ஒட்டக் கூடாது. நடுவில் கேபிள் அசைந்தால் பாதி இங்கும் பாதி அங்கும் இல்லாமல் போக வாய்ப்புண்டு. நகல் முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, பெரிய வீடியோக்கள் சிலவற்றைக் கணினியில் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். முதல் சில நொடி ஓடி நின்றுவிட்டால் அந்த ஃபைல் முழுதாக வரவில்லை என்று பொருள். ஃபைல் பெயரை மாற்றாதீர்கள். VID-20240115-WA0003.mp4 என்ற பெயரில் இருக்கும் எட்டு இலக்கங்கள்தான் தேதி. வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில் கேமரா எழுதிய தேதித் தகவல் நீக்கப்பட்டிருக்கும் என்பதால், பின்னாளில் வரிசைப்படுத்த அந்தப் பெயரே துணை.

இப்போது அழிக்கத் தொடங்கலாம். "Manage storage"-இல் பலமுறை ஃபார்வர்ட் ஆனவை 4 ஜிபி இருக்கிறது. இவை பலர் கைமாறி வந்தவை. வீட்டு வீடியோ இதில் இருக்க வாய்ப்பு குறைவு. ஒருமுறை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு மொத்தமாக அழித்துவிடலாம். பிறகு 5 எம்பிக்கு மேற்பட்டவை. இதை அளவுப்படி வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, வேண்டியவற்றின் டிக்கை மட்டும் எடுப்பது வேகமான முறை. இதில் 7.5 ஜிபி போனது என்றால், "Sent" ஃபோல்டர்களில் மிச்சமிருக்கும் நகல்கள் ஒன்றரை ஜிபி. மொத்தக் காலி இடம் இப்போது 16.6 ஜிபி. வாட்ஸ்அப் 6 ஜிபிக்கு இறங்கியிருக்கும். அந்த 6 ஜிபியில் இருப்பவை பெரும்பாலும் சின்னப் படங்களும் நீங்களே தேர்ந்தெடுத்து விட்டுவைத்தவையும்தான், அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

கணக்குப்படி இடம் வரவில்லை என்றால் ஃபைல் மேனேஜரின் குப்பைத்தொட்டியையும் கேலரியின் குப்பைத்தொட்டியையும் பாருங்கள். இரண்டும் தனித்தனி. ஒன்றைக் காலி செய்தால் மற்றது காலியாகாது.

ஐபோனில் மாறுவது

ஐபோனில் வாட்ஸ்அப்பின் ஃபைல்கள் ஆப்புக்குள்ளேயே இருக்கின்றன. மேலே சொன்ன ஃபோல்டர் வழி அங்கே கிடையாது. "Manage storage" மட்டும் அப்படியே உண்டு. ஆனால் "Save to Photos" இயக்கத்தில் இருந்தால், வருகிற ஒவ்வொரு படமும் வீடியோவும் போட்டோஸ் ஆப்பில் இரண்டாவது பிரதியாகவும் சேர்கிறது. அதாவது ஆண்ட்ராய்டில் வெறும் மறைப்பாக இருக்கும் அமைப்பு, இங்கே உண்மையிலேயே இடத்தை இரட்டிப்பாக்குகிறது. அதை அணைப்பது பயன் தரும். ஏற்கெனவே சேர்ந்த பிரதிகளைப் போட்டோஸ், வாட்ஸ்அப் இரண்டிலும் தனித்தனியே அழிக்க வேண்டும்; போட்டோஸில் அழித்த பிறகு "Recently Deleted" தொகுப்பையும் காலி செய்ய வேண்டும்.

Settings > General > iPhone Storage பக்கத்தில் வாட்ஸ்அப்பைத் தொட்டால் "Offload App", "Delete App" என்று இரண்டு பொத்தான்கள் வரும். முதலாவது ஆப்பை மட்டும் நீக்கித் தரவை விட்டுவைப்பதால், மீடியாவால் நிறைந்த போனில் அதனால் பெரிய பலன் இல்லை. இரண்டாவது செய்திகளையும் மீடியாவையும் சேர்த்தே நீக்கிவிடும். ஐகிளவுட் பேக்கப் என்றைக்கு எடுத்தது, அதில் வீடியோ சேர்ந்திருக்கிறதா என்று வாட்ஸ்அப்பின் Chat Backup பக்கத்தில் பார்க்காமல் அதைத் தொட வேண்டாம்.